ஆங்கில உச்சரிப்புக்கு எந்தக் குறியீட்டைப் படிப்பது?

என் அண்ணன் மகள் கல்லூரியில் முதல் ஆண்டு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சித்தப்பா, yet என்ற சொல்லுக்கு ஏன் ஜெட் என்று போட்டிருக்கிறது? அச்சுப் பிழையா?" என்று கேட்டாள். பார்த்தேன். /jet/ என்று இருந்தது. பிழை இல்லை. அந்தக் குறியீட்டில் j என்பது நம் 'ய'. இன்னொரு அகராதியில் அதே j நம் 'ஜ'. இரண்டு அகராதிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் குழம்பிப் போயிருந்தாள்.

அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆங்கிலச் சொல் ஒன்றை எப்படிச் சொல்வது என்று காட்டும் முறைகளில் நம் கைக்கு எட்டுபவை மூன்று. photographer என்ற ஒரே சொல்லை அவை இப்படிக் காட்டும்:

தமிழ் எழுத்தில்: போட்டோகிராஃபர்
மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில்: \ fə-ˈtä-grə-fər \
ஆக்ஸ்போர்டு மாணவர் அகராதியில்: /fəˈtɒɡrəfə(r)/

இவற்றில் எதில் நேரத்தைப் போடுவது என்பதுதான் கேள்வி. அதற்கு முன்னால் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். இந்தக் குறியீடுகள் எல்லா ஒலிகளையும் காட்டுவதில்லை, ஒலியன்களைத்தான் காட்டுகின்றன.

ஒலியன் என்றால் என்ன என்பது தமிழ் பேசுகிறவருக்கு எளிதாகவே புரியும். கடல், தங்கம், மகன் என்ற மூன்று சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் 'க' வல்லொலி. 'தங்கம்' என்பதில் அது ஆங்கில g போல ஒலிக்கிறது. 'மகன்' என்பதில் இன்னும் தளர்ந்து, பலர் வாயில் h போல வருகிறது. ஒலி மூன்று, எழுத்து ஒன்று. ஏன் நமக்கு ஒன்றே போதும்? எந்த இடத்தில் எது வரும் என்பதை இடமே தீர்மானித்துவிடுகிறது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைச் சொன்னாலும் பொருள் மாறாது, கேட்பவருக்குக் கொஞ்சம் விநோதமாக இருக்கும், அவ்வளவுதான். ஆகவே தமிழில் அவை ஒரே ஒலியனின் மூன்று வடிவங்கள். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. coat என்றால் மேலங்கி, goat என்றால் ஆடு. முதல் ஒலி மாறினால் பொருளே மாறுகிறது. அங்கே k ஓர் ஒலியன், g இன்னோர் ஒலியன். இப்படிப் பொருளை மாற்றக்கூடிய ஒலிகளுக்கு மட்டும் ஆளுக்கொரு அடையாளம் கொடுத்து எழுதுவதுதான் ஒலியன் குறியீடு. ஆக்ஸ்போர்டு போன்றவற்றில் அதை இரண்டு சாய்கோடுகளுக்குள் போடுவார்கள். சதுர அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் அது இன்னும் நுணுக்கமான வேறு வகைப் பதிவு. தொடக்கத்தில் அதைப் பார்த்தால் கடந்து போய்விடலாம்.

சரி, முதல் வழி. தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்வது. ஆங்கிலம் கற்றுத்தரும் தமிழ் நூல்களில் காலங்காலமாக இருப்பது இதுதான். புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை, உடனே வாசிக்கலாம், அம்மா அப்பாவும் கூடவே படிக்கலாம். இந்த வசதியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 'பேட்' என்று தமிழில் எழுதிவிட்டு, அது எந்த ஆங்கிலச் சொல் என்று கேட்டுப் பாருங்கள். bat, bad, pat, pad, bait, paid ஆகிய ஆறும் அதற்குள் அடங்கும். சில நூல்கள் கடைசி இரண்டையும் 'பெய்ட்' என்று எழுதிப் பிரிக்கும். அப்போதும் மற்ற நான்கும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அவற்றையே ஒலியன் குறியீட்டில் பாருங்கள்: /bæt/, /bæd/, /pæt/, /pæd/, /beɪt/, /peɪd/. ஒன்றுகூட இன்னொன்றோடு மோதவில்லை.

இது தமிழ் எழுத்தின் குறை அல்ல. தமிழின் ஒலியன்களுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆங்கிலத்துக்கு அளவு வேறு, அவ்வளவுதான். இன்னும் ஒரு சிக்கல் உண்டு. அழுத்தம் எங்கே விழுகிறது என்பதைக் காட்டத் தமிழில் அடையாளம் இல்லை. 'போட்டோகிராஃபர்' என்று படிக்கிறவர் ஐந்து அசைகளையும் ஏறக்குறைய ஒரே எடையில் சொல்வார். ஆங்கிலச் சொல்லில் இருப்பதோ நான்கே அசைகள், அவற்றிலும் ஒன்றுதான் கனம்.

இரண்டாவது வழி அமெரிக்க அகராதிகளின் முறை. ஆங்கில எழுத்துகளையே வைத்துக்கொண்டு, மேலே ஒரு கோடு, இரண்டு புள்ளி என்று சேர்த்து ஒலியைக் காட்டுவார்கள். மெரியம்-வெப்ஸ்டரில் day என்பது \ ˈdā \, rule என்பது \ ˈrül \, yes என்பது \ ˈyes \. பார்த்ததும் பயம் வராது. ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவருக்கு இது மிக நல்ல முறை. ஏனென்றால் ஒவ்வொரு குறிக்கும் ஒரு சாவிச் சொல் இருக்கிறது. \ a \ என்றால் ash என்பதில் வரும் ஒலி, \ ä \ என்றால் mop என்பதில் வரும் ஒலி, இப்படி. டெக்சாஸ்காரர் தன் ஊர் பாணியில் mop சொல்வார், பாஸ்டன்காரர் தன் பாணியில் சொல்வார். இருவருக்கும் ஒரே குறி பொருந்தும்.

நமக்குச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சாவிச் சொல்லை நாம் ஏற்கெனவே சரியாகச் சொல்ல வேண்டும். ash என்பதை 'ஆஷ்' என்று சொல்லிப் பழகியவர், \ a \ வரும் எல்லாச் சொற்களையும் ஆகாரமாகவே படிப்பார். சாவியே வளைந்திருக்கும்போது பூட்டு எப்படித் திறக்கும்? தவிர, இந்தக் குறிகள் அகராதிக்கு அகராதி மாறும். மெரியம்-வெப்ஸ்டரில் அழுத்தக் குறி அசைக்கு முன்னால் வரும். அமெரிக்கன் ஹெரிடேஜ் அகராதியில் அசைக்குப் பின்னால் வரும். ஒன்றைப் பழகிவிட்டு இன்னொன்றைத் திறந்தால், கனம் அடுத்த அசைக்குத் தாவிவிடும்.

மூன்றாவது, ஐபிஏ எனப்படும் பன்னாட்டு ஒலி எழுத்துமுறை. 1886இல் பாரிஸில் மொழி ஆசிரியர்கள் சிலர் தொடங்கிய சங்கம் உருவாக்கியது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் ஆகியவற்றின் மாணவர் அகராதிகள் மூன்றும் இதைத்தான் பயன்படுத்துகின்றன. மற்ற இரண்டு வழிகளிலிருந்து இது வேறுபடும் இடம் ஒன்று உண்டு. இங்கே ஒரு குறியின் பொருள் சாவிச் சொல்லில் மட்டும் தொங்கவில்லை. நாக்கு எங்கே இருக்கிறது, உதடு எப்படி இருக்கிறது, குரல் அதிர்கிறதா இல்லையா என்பதில் இருக்கிறது. அதனால் சொல்லைத் தெரியாதவரும் வாயை வைத்துக் கற்றுக்கொள்ளலாம். தொல்காப்பியத்தின் பிறப்பியலில் எழுத்துகள் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் சொல்லிவைத்திருப்பதைப் படித்தவர்களுக்கு இந்த அணுகுமுறை அந்நியமாகவே இருக்காது.

பார்ப்பதற்கு மிரட்டும்தான். ஆனால் எண்ணிப் பார்த்தால் பயம் போய்விடும். பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு அகராதிகள் வழக்கமாகக் காட்டுவது 44 ஒலியன்கள். மெய் 24, உயிர் 20. மெய்யில் p, b, t, d, k, g, f, v, s, z, h, m, n, l, r, w ஆகிய 16 குறிகளும் நாம் அறிந்த எழுத்துகளே. மிச்சம் எட்டுதான். /ʃ/ என்றால் ஷ், /tʃ/ என்றால் ச்ச், /dʒ/ என்றால் ஜ், /j/ என்றால் ய், /ŋ/ என்றால் ங். vision என்பதன் நடுவில் வருவது /ʒ/. think என்பதன் தொடக்கம் /θ/, this என்பதன் தொடக்கம் /ð/. கடைசி இரண்டையும் நாம் 'த' என்றே சொல்கிறோம். 'த' சொல்லும்போது நாக்கு பல்லில் ஒட்டிக் காற்றை அடைக்கிறது. அடைக்காமல் பல்லோரம் காற்றைக் கசியவிட்டால் /θ/. அதோடு குரலையும் சேர்த்தால் /ð/.

மெய்யில் /ŋ/ மீது மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். அன்றாடத் தமிழில் 'ங்' வந்தால் அடுத்து பெரும்பாலும் 'க'தான் வரும். அதனால் singer, finger இரண்டும் நம் வாயில் சிங்கர், ஃபிங்கர் என்று ஒரே தாளத்தில் வரும். அகராதியைப் பாருங்கள்: /ˈsɪŋə(r)/, /ˈfɪŋɡə(r)/. முதலாவதில் /ɡ/ இல்லை. 'சிங்' என்பதில் நாக்கின் பின்பகுதி மேலே ஒட்டியிருக்கும்போதே, 'க'வை வெடிக்கவிடாமல், நேராக அடுத்த உயிருக்குப் போக வேண்டும். இதைத் தமிழ் எழுத்தில் காட்ட வழியே இல்லை. காதால் கேட்டாலும் பலருக்கு வித்தியாசம் பிடிபடாது. குறியீட்டில் ஒரு /ɡ/ இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். அகராதிச் செயலியில் ஒலிப் பொத்தான் இருக்கும்போது குறியீடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த இரண்டு சொற்களைத்தான். காது தமிழ்ச் சல்லடை வழியாகத்தான் கேட்கிறது. எதைக் கவனிக்க வேண்டும் என்று கண் முதலில் சொல்லிவிட்டால் காது தானாகப் பின்னால் வரும்.

உயிரில்தான் வேலை அதிகம். /ɪ/ இ, /iː/ ஈ, /e/ எ, /ʊ/ உ, /uː/ ஊ, /ɑː/ ஆ, /aɪ/ ஐ, /aʊ/ ஔ. இவை கிட்டத்தட்ட நம் ஒலிகளே. இரட்டைப் புள்ளி போலத் தெரிவது நெடில் குறி. cup என்பதில் வரும் /ʌ/ நம் அகரத்துக்குப் பக்கத்து வீடு. /eɪ/ ஏகாரத்தில் தொடங்கி இகரத்தை நோக்கி நழுவும், /əʊ/ ஓகாரத்தின் இடத்தில் வரும். நாம் நேர் ஏ, நேர் ஓ என்று சொன்னாலும் யாருக்கும் புரியாமல் போகாது. ஆகவே அவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

உண்மையில் உழைக்க வேண்டியவை மூன்று. ஒன்று /æ/. வாயை எகரத்துக்கு வைத்துவிட்டுத் தாடையை மட்டும் கீழே இறக்கினால் வரும். 'பேங்க்', 'டேக்ஸி' என்று நம்மில் பலர் பேச்சில் சொல்லும்போது வருவது இதுவேதான். எழுத்தில் ஏகாரமாகத் தெரிந்தாலும் வாயில் ஏகாரம் இல்லை. இரண்டு /ɒ/, /ɔː/. not, law ஆகியவற்றில் நாம் ஆகாரம் போடுகிறோம். ஆகாரத்துக்கு வாயைத் திறந்து, உதட்டை மட்டும் வட்டமாகக் குவித்தால் இந்த ஒலிகள் கிடைக்கும், முதலாவது குறில், அடுத்தது நெடில்.

மூன்றாவது /ə/. தலைகீழாகக் கவிழ்ந்த e. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் உயிர் இது. எழுத்தில் எந்த உயிரின் வேடத்திலும் வரும் என்பதுதான் இதன் தந்திரம். about என்பதில் a, taken என்பதில் e, possible என்பதில் i, support என்பதில் u, photographer என்பதில் முதல் o. நாக்கு நடுவில் சும்மா கிடக்க, உதடு எந்த வேலையும் செய்யாமல், அரைகுறையாக வெளிவரும் ஒலி. 'காடு', 'பாக்கு' என்பவற்றின் கடைசி உகரத்தை நாம் உதடு குவிக்காமல் அரை மாத்திரையில் முடிப்போமே, குற்றியலுகரம், அந்தச் சோம்பலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒலி அதுவே அல்ல, ஆனால் குறுகும் விதம் அதுதான்.

இப்போது photographer சொல்லுக்குத் திரும்பலாம். /fəˈtɒɡrəfə(r)/. நான் சொல்லிக்கொடுப்பது இந்த வரிசை. முதலில் மேலே நிற்கும் சிறு கோட்டைத் தேடுங்கள். அது எந்த அசைக்கு முன்னால் நிற்கிறதோ அந்த அசைதான் கனம். இங்கே /tɒɡ/. அதை மட்டும் மூன்று முறை சொல்லுங்கள், உதடு குவித்து. அடுத்து /ə/ எத்தனை என்று எண்ணுங்கள். மூன்று. அவை எல்லாம் விரைந்து ஓட வேண்டியவை. இப்போது முன்னால் உள்ள /fə/ சேர்த்து இரண்டசையாகச் சொல்லுங்கள், பிறகு வாலைச் சேருங்கள். கடைசியில் அடைப்புக்குள் உள்ள (r), பிரிட்டிஷ் பேச்சில் அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் மட்டும் ஒலிக்கும். நாம் r சொல்லிப் பழகியவர்கள், அமெரிக்கர்களும் சொல்கிறார்கள். அதைக் கஷ்டப்பட்டு விழுங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அப்புறம் அதன் உறவுக்காரர்களைப் பாருங்கள். photograph என்பது /ˈfəʊtəɡrɑːf/, கனம் முதல் அசையில். photographic என்பது /ˌfəʊtəˈɡræfɪk/, முதன்மைக் கனம் மூன்றாம் அசையில். கீழே தொங்கும் கோடு இரண்டாம் நிலைக் கனம். கனம் இடம் மாறும்போதெல்லாம் உயிர்களும் உருமாறுகின்றன. முதல் o கனமாக இருந்தால் /əʊ/, கனம் போனால் /ə/. எழுத்தில் மூன்று சொல்லும் ஒரே மாதிரி தொடங்குகின்றன, தமிழ் எழுத்திலும் அப்படித்தான். அண்ணன் மகள் மூன்றையும் ஒரு தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, கோடுகளுக்கு மட்டும் சிவப்பு மை போட்டாள். அந்தச் சிவப்பு படிப்படியாக நகர்வதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது.

ஐபிஏவுக்கும் எல்லைகள் உண்டு. அகராதிகள் ஒன்றுக்கொன்று சற்று வேறுபடும். bed என்பதை ஆக்ஸ்போர்டு மாணவர் அகராதி /bed/ என்கிறது, வேறு சில /bɛd/ என்கின்றன. ஒலி ஒன்றே. கேம்பிரிட்ஜ் அசைகளுக்கு இடையே புள்ளி வைக்கும், அமெரிக்க உச்சரிப்பில் water போன்ற சொல்லுக்கு t அடியில் ஒரு சிறு வளைவு போட்டு /ˈwɑː.t̬ɚ/ என்று காட்டும். எனவே எந்த அகராதியானாலும் முன்பக்கத்திலோ உதவிப் பகுதியிலோ உள்ள குறிப் பட்டியலை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இன்னொரு எல்லை பெரியது. ஒலியன் குறியீடு பொருளை மாற்றும் வேறுபாட்டை மட்டும் காட்டும் என்றேன். pack என்பதன் தொடக்கத்தில் ஆங்கிலேயர் ஒரு மூச்சுக் காற்றையும் சேர்த்துவிடுகிறார். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்தால் தெரியும். spin என்பதில் அந்தக் காற்று இல்லை. இரண்டுமே அகராதியில் /p/தான், ஏனென்றால் அவர்களுக்கு அது ஒரே ஒலியன். நம் 'ப'வில் காற்று இல்லை. அதனால் நாம் pack என்று சொன்னால் அவர்கள் காதில் சில நேரம் back என்று விழுகிறது. குறியீட்டைச் சரியாகப் படித்தும் இப்படித் தவறாகக் கேட்கப்படுவது உண்டு. சொல்லின் தொடக்கத்தில் அழுத்தம் விழும் p, t, k மூன்றுக்கும் காற்றைச் சேருங்கள் என்று தனியாகத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆக, யாருக்கு எது? பள்ளி முடித்து, கல்லூரியிலோ வேலையிலோ ஆங்கிலம் பேச வேண்டிய ஒருவருக்கு நான் தயங்காமல் ஐபிஏவைத்தான் சொல்வேன், அதுவும் ஒரே ஒரு அகராதியைப் பிடித்துக்கொண்டு. அமெரிக்காவில் வளரும், ஆங்கிலத்தை வீட்டு மொழிபோலப் பேசும் பிள்ளைக்கு மெரியம்-வெப்ஸ்டர் பொருந்தும். ஸ்கிரிப்ஸ் ஸ்பெல்லிங் பீ போட்டிக்கு அந்த நிறுவனத்தின் பெரிய அகராதிதான் ஆதாரம் என்பதால், போட்டிக்குப் போகிறவருக்கு வேறு வழியும் இல்லை. தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்தே இன்னும் சரளமாகாத பெரியவர்களுக்கு. பஸ்ஸிலும் மருந்துக்கடையிலும் பேச அது போதும்.

ஐபிஏ என்று முடிவு செய்தால் 44ஐயும் மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். முதல் வாரம் கனக் கோடும் /ə/வும் மட்டும். நீங்கள் தினமும் சொல்கிற சொற்களையே எடுத்துப் பாருங்கள்: develop /dɪˈveləp/, hotel /həʊˈtel/, banana /bəˈnɑːnə/. டெவலப்பில் நாம் முதல் அசையை அழுத்துகிறோம், அகராதி இரண்டாவதை அழுத்துகிறது. இரண்டாம் வாரம் அந்த எட்டு மெய்கள். மூன்றாம் வாரம் /æ/, /ɒ/, /ɔː/. ஒலிகள் பிரிகின்றனவா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. bat, bad, pat, pad, bait, paid ஆறையும் ஒரு தாளில் எழுதி நண்பரிடம் கொடுங்கள். நீங்கள் அவற்றை மாற்றி மாற்றிப் பத்து முறை சொல்ல, எது என்று அவர் விரல் வைத்துக் காட்டட்டும். வாயைப் பார்க்காமல், திரும்பி உட்கார்ந்துகொண்டு. அவர் விரல் எந்த இரண்டுக்கு இடையில் தடுமாறுகிறதோ, அந்த இரண்டில்தான் உங்கள் அடுத்த வார வேலை. அண்ணன் மகளுக்கு bat, bad இரண்டிலும் தடுமாற்றம் வந்தது. கடைசி மெய் மட்டும் அல்ல, bad என்பதில் /æ/ கொஞ்சம் நீள வேண்டும். அதையும் அகராதி எழுதுவதில்லை. நீட்டிச் சொன்னதும் விரல் சரியான இடத்துக்குப் போனது.